சோடனை சொத்தல்ல



நமது சமூகத்தின் வெள்ளி விழாத் திருநாளுக்கு இரண்டு பெரிய சோடனைகள் தேவை என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கோவில் வாசலில் ஒரு வளைவு. மண்டப மேடையில் மாதாவின் திருச்சுருவத்துக்குப் பின்னே ஒரு பின்திரை. வேறுபாடு அடுத்த அடியில்தான் தொடங்குகிறது. கடந்த வாரம் நமது வட்ஸ்அப் குழுவில் ஒருவர் எழுதினார்: “ஒரு நாளைக்காக வாடகை கொடுப்பது கடலில் கரைத்த பெருங்காயம். அதே காசுக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வாங்கினால் நமக்கு ஒரு சொத்து.” அதன் கீழே நாற்பதுக்கு மேற்பட்ட கட்டைவிரல்கள் உயர்ந்துள்ளன. அந்த நாற்பது பேருக்கும் நான் மறுப்புச் சொல்கிறேன். குழுவில் இரண்டு வரியில் எழுதினால் சண்டையாகும் என்பதால், காரணங்களோடு இங்கே நீளமாக எழுதுகிறேன்.

“சாமியாருக்குச் சோடனைக் கணக்கில் என்ன வேலை?” என்று கேட்பீர்கள். திருச்சபைச் சட்டத்தின் 1284ஆம் இலக்கம், கோவில் பொருளை நிர்வகிப்பவர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய கவனத்தோடு அதைச் செய்ய வேண்டும் என்று கட்டளையிடுகிறது. நல்ல குடும்பத் தலைவன் பொருளின் விலையை மட்டும் கேட்டு நிறுத்துவதில்லை; அதை எங்கே வைப்பது, யார் தூக்குவது, நாளைக்கு அது என்னவாகும் என்பதையும் கேட்கிறான். உண்டியலில் விழும் ஐந்து பவுண், இரவு வேலை முடித்து நேரே ஞாயிறு திருப்பலிக்கு வருபவரின் ஐந்து பவுண் என்பதும் எனக்குத் தெரியும்.

முதலில், இந்த “வாடகை வீண்” என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். இந்த நகரத்துக்கு வந்த நாள் முதல் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்த முதற்பாடம் அது. வாடகை வீட்டில் இருக்காதே, எப்படியாவது முற்பணம் சேர், மோட்கேஜ் எடு, ஈஸ்ட்ஹாமிலோ ஹரோவிலோ ஒரு வீட்டைப் பிடி. வீட்டைப் பொறுத்தவரை அந்த அறிவுரை பெரும்பாலும் பலித்தது. ஏனென்றால் வீட்டின் கீழே நிலம் இருக்கிறது. நிலத்தின் விலை ஏறியது. வீட்டில் ஆண்டின் 365 நாளும் குடியிருக்கலாம். வளைவின் கீழே நிலம் இல்லை. அதில் யாரும் குடியிருப்பதில்லை. ஒரு பிற்பகல் நின்றுவிட்டு, மீதி 364 நாளும் அதுவே நம்மிடம் குடியிருக்க இடம் கேட்கும். வீட்டுக்குச் சரியான அறிவுரையை வளைவுக்குப் பொருத்தியதுதான் இங்கே நடந்த பிழை.

கணக்கைப் போடுவோம். நான் இடும் எண்கள் எளிமைக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் கையிலுள்ள விலைத்தாள்களின் எண்களை அவற்றின் இடத்தில் இட்டுப் பாருங்கள். கொண்டு வந்து, நிறுத்தி, கழற்றிக்கொண்டு போவது வரை வளைவுக்கும் பின்திரைக்கும் வாடகை 650 பவுண் என்று வைத்துக்கொள்வோம். வாங்குவதானால் உலோகச் சட்டம், துணி, செயற்கைப் பூக்கள் எல்லாம் சேர்த்து 900 பவுண். இவ்வளவையும் பார்த்தவுடன் “இரண்டாம் முறையே இலாபம்” என்கிறோம். ஆனால் 900 பவுண் என்பது பொருள் கடையிலிருந்து புறப்படும்போது உள்ள விலை. மூன்று மீற்றர் உயர வளைவு எந்தக் காருக்குள்ளும் போகாது. ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய வானை வாடகைக்கு எடுக்க வேண்டும். எண்ணெயோடு 120 பவுண். திருநாள் முடிந்த அன்றிரவு அதை வைக்க இடம் வேண்டும். இலண்டனில் தனியார் சேமிப்பு அறை ஒன்றின் சிறிய அளவுக்கு மாதம் 80 பவுண் என்று கொண்டால், ஆண்டுக்கு 960 பவுண்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். வளைவை ஓராண்டு சும்மா வைத்திருக்கும் செலவு 960. புதிதாக ஒன்றை வாடகைக்கு எடுத்து நிறுத்தும் செலவு 650. அடுத்த திருநாள் வரை அது இருட்டறையில் படுத்திருப்பதற்கே, அது எழுந்து நிற்பதைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறோம். முதலாண்டில் மூன்று முறை பயன்படுத்தினாலும் வாங்கியதில் நட்டம்: 900உம் 960உம் மூன்று வானுக்கு 360உமாக 2,220 பவுண், மூன்று வாடகைக்கு 1,950. நான்காம் முறையில்தான் தராசு மறுபக்கம் சாய்கிறது. அதன் பிறகும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது அது நின்றால்தான் வாங்கியது நியாயமாகும். வெள்ளி விழா நமக்கு எத்தனை முறை வரும்?

“விழா முடிந்ததும் எறிந்துவிட்டால் சேமிப்பு அறையே தேவையில்லையே” என்பவர்களுக்கும் அதே எண்கள் விடை சொல்கின்றன. 900உம் வானுக்கு 120உம் சேர்ந்தால் 1,020. அதுவும் 650ஐ விடக் கூட. எறிவதும் இந்த ஊரில் எளிதன்று. பல நகரசபைகளின் கழிவு நிலையங்களுக்குள் வானோடு போக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ரெஜிபோம் என்று நாம் சொல்வதும் தமிழகத்தார் தெர்மாகோல் என்று சொல்வதுமான பொருளால் செதுக்கிய வளைவாக இருந்தால், அதை வீட்டு மறுசுழற்சித் தொட்டியில் போடவும் முடியாது.

சேமிப்பு அறைக்குப் பதிலாக எப்போதும் ஒரு பெயர் முன்மொழியப்படும்: “அண்ணை வீட்டுக் கராஜ் சும்மாதானே கிடக்கிறது.” கராஜில் வாடகை இல்லை என்பது உண்மை. ஆனால் சூடாக்கி இல்லாத ஆங்கிலக் கராஜ் ஒன்றில் நவம்பரிலிருந்து மார்ச் வரை காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரிலும் இரும்பிலும் நீராகப் படியும். துணி மடிப்புகளில் முதலில் ஒரு மணம் வரும். பிறகு கரும்புள்ளிகள் வரும். சட்டத்தின் இணைப்புக்குழாய்கள் துருவேறி ஒன்றுக்குள் ஒன்று நுழைய மறுக்கும். பட்டுப்பூவின் ரோசா நிறம் பழுப்பாகும். அடுத்த ஓகஸ்டில் திறந்து பார்க்கும்போது, துணியை முகர்ந்தாலே தெரிந்துவிடும். துவைத்தால் போய்விடும் என்பார்கள். நெருப்புத் தாங்கும் மருந்திட்ட துணிகள் பலவற்றில் துவைத்தால் அந்த மருந்தும் சேர்ந்து போய்விடும். அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஈரத்தைவிடப் பெரிய சிக்கல் மனிதரால் வருவது. கராஜ் கொடுத்தவர் நாளடைவில் வளைவின் சொந்தக்காரர் ஆகிவிடுகிறார். வளைவை உபயம் செய்தவரின் பெயர் அதன் அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே அவரும் சொந்தக்காரர். குழு மாறும், புதிய செயலாளர் மூன்றாவது சொந்தக்காரர். யாரோ ஒருவரின் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு “ஒரு நாளைக்குத்தானே” என்று அதைக் கொடுப்பார்கள். ஒரு கால் வளைந்து திரும்பி வரும். யார் வளைத்தார்கள் என்பதைப் பற்றி இரண்டு குடும்பங்கள் ஈராண்டு பேசாமல் இருக்கும். இது கற்பனை அல்ல. இந்த நாட்டில் நான் பணியாற்றிய ஓரிடத்தில் நேரே பார்த்தது. நமது பணம் அறப்பணி நிதி என்பதையும் மறக்க வேண்டாம். அதில் வாங்கிய பொருளை ஒருவரின் வீட்டு விழாவுக்கு இலவசமாகக் கொடுப்பது நட்புக்கு நல்லது, கணக்குக்குக் கூடாது. உபயகாரர் உயிரோடிருக்கும் வரை உடைந்த வளைவை வெளியே போடவும் ஒருவருக்கும் துணிவு வராது.

வைக்க இடமில்லாத வளைவு என்றால் இலண்டனுக்கு நன்றாகத் தெரியும். நகரின் மேற்கு எல்லையில், பிளீற் வீதியில், டெம்பிள் பார் என்ற கல் வளைவு 17ஆம் நூற்றாண்டிலிருந்து நின்றது. போக்குவரத்துக்கு இடைஞ்சலானதால் 1878இல் அதைக் கழற்றினார்கள். எறிய மனமில்லை, ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு ஒரு முற்றத்தில் அடுக்கி வைத்தார்கள். உலகின் பெரும் பணக்கார நகராட்சி ஒன்று, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் அந்தக் கற்குவியலை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தது. கடைசியில் மதுவடிசாலை உரிமையாளர் ஒருவரின் குடும்பம் அதை வாங்கி ஹேர்ட்போர்ட்ஷயரிலுள்ள தங்கள் தோட்டத்தின் வாசலில் நிறுத்தியது. 2004இல்தான் அது திரும்பி வந்து, புனித பவுல் பேராலயத்தின் அருகே நிற்கிறது. அது கிறிஸ்தோபர் ரென் வடித்ததாகச் சொல்லப்படும் கல் வளைவு. காத்திருந்து காப்பாற்றத் தகுதியுடையது. நமது பிளாஸ்ரிக் ரோசா வளைவுக்கு 126 ஆண்டுகள் காத்திருக்க யார் இருக்கிறார்கள்?

இனி, வாங்குவதை ஒருநாள் விழாவுக்கு முற்றிலும் பொருந்தாததாக்கும் காரணத்துக்கு வருகிறேன். பின்திரையில் நாம் எழுதுவது என்ன? “வெள்ளி விழா”, ஆண்டு, சின்னம், பெரும்பாலும் திருத்தந்தையின் படம், ஆயரின் படம், நம் நிர்வாகக் குழுவின் பெயர். ஒருநாள் விழாவின் திரையை அந்த ஒரு நாளோடு தைத்துவிடுகிறோம். 2025 யூபிலி ஆண்டை நினைத்துப் பாருங்கள். 2024 டிசம்பர் 24 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் புனிதக் கதவைத் திறந்தார். ஆண்டு முழுவதும் பயன்படும் என்ற நம்பிக்கையில் அவரது முகத்தோடு அச்சிட்ட திரை எதுவாயினும், 2025 ஏப்ரல் 21 அன்று அவர் இறைபதம் அடைந்தபோது பழையதாகிவிட்டது. மே 8 அன்று பதினான்காம் லியோ தெரிவானார். 2026 ஜனவரி 6 அன்று கதவை மூடியவர் அவர். அந்த ஆண்டுச் சின்னத்தோடு ஆறு மீற்றர் அகலத்துக்கு அச்சிட்ட துணிக்கு இனி என்ன வேலை? அடுத்த வழமையான யூபிலி 2050இல். அப்போதும் எண் வேறு.

ஆகவே அச்சு வேலையை வாடகைக்கு எடுக்க முடியாது என்பது உண்மைதான். அதை வாங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்காக முழுத் திரையையும் அச்சிட வேண்டியதில்லை. திரை வெறும் துணியாக, வாடகையாக இருக்கட்டும். ஆண்டும் சின்னமும் எழுத்தும் அரை மீற்றர் அகலமும் இரண்டு மீற்றர் நீளமும் உள்ள ஒரு தனிப் பட்டையில் வரட்டும். அது பெரிய திரையின் செலவில் ஒரு சிறு பங்குக்குள் முடியும். விழா முடிந்ததும் சுருட்டிக் கைக்குள் எடுத்துப் போகலாம். புகைப்படத்திலும் அந்தப் பட்டையைத்தான் மக்கள் வாசிப்பார்கள். திரையின் மூலையிலுள்ள எழுத்தை யாரும் வாசிப்பதில்லை.

“ஊரில் நாம் இப்படியா செய்தோம்?” என்று முதியவர் ஒருவர் கேட்டார். ஊரில் செய்ததை நினைத்துத்தான் நானும் பேசுகிறேன். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் திருநாளுக்கு முந்திய இரவு இளைஞர்கள் தோட்டத்துக்குப் போவார்கள். வாழை வரும், குருத்தோலை வரும், கமுகு வரும். விடியும்வரை இருந்து தோரணம் பின்னுவார்கள். இரண்டாம் நாள் ஓலை வாடும்; மூன்றாம் நாள் வாழையை மாடு தின்னும். கதிரையும் கிடாரமும் சனசமூக நிலையத்திலிருந்து வாடகைக்கு வரும். ஒலிபெருக்கிக்காரரும் அப்படித்தான் வந்தார். கோவிலின் சொத்தாக எவை இருந்தன? சுருவம், கூடு, கொடி, வெண்கலக் குத்துவிளக்கு. நிலைப்பது எது, வாடுவது எது என்ற பாகுபாட்டை நம் பெரியோர் மிகத் தெளிவாக வைத்திருந்தார்கள். சோடனையை அவர்கள் ஒருபோதும் சொத்தாகக் கருதியதில்லை. பிளாஸ்ரிக் வந்த பிறகுதான், வாடாத பூ கிடைத்துவிட்டதால், அதை வைத்திருந்தே ஆக வேண்டும் என்ற கடன் நமக்கு வந்து சேர்ந்தது.

இவ்வளவும் சொன்னதால், மணவறை வாடகைக்காரர்களின் முகவர் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். வாடகைக்கு எடுப்பவர் ஏமாறும் இடங்களும் உண்டு. அவற்றில் முதலாவது நேரம். நாம் இந்தக் கோவிலில் விருந்தினர். சனி மாலைத் திருப்பலியும் ஞாயிறு காலைத் திருப்பலிகளும் ஆங்கிலப் பங்குக்குரியவை. நமக்குக் கிடைப்பது ஞாயிறு பிற்பகல். கடைசிக் காலைத் திருப்பலி முடிந்து ஆட்கள் வெளியேறி, நமது திருப்பலி தொடங்குவதற்கிடையே இரண்டு மணித்தியாலம் இருந்தால் பெரிது. வாடகைக்காரர் “காலை எட்டு மணிக்கு வந்து பூட்டிவிடுவோம்” என்பார். அப்போது வாசலில் வேறொரு சமூகம் நிற்கும். அவருக்கு அன்றிரவே இன்னோர் ஊரில் கலியாணம் இருந்தால், நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே மாதாவின் பின்னால் நின்று திரையைக் கழற்றத் தொடங்குவார். எத்தனை மணிக்குள் நிறுத்தி முடிப்பது, எத்தனை மணிக்கு முன்னர் தொடக்கூடாது, மண்டபம் பூட்டும் நேரம் தாண்டினால் அந்தக் கட்டணம் யாருடையது என்ற மூன்றும் எழுத்தில் வர வேண்டும். வாய்ப்பேச்சில் “அதெல்லாம் பார்த்துக்கொள்வோம் ஃபாதர்” என்றால் கையொப்பம் இட வேண்டாம்.

இரண்டாவது, விலைத்தாளில் எழுதாதவை. வற் வரி நூற்றுக்கு 20 அந்த 650க்குள் அடங்கியதா, மேலே வருவதா? முற்பணமாகக் கொடுக்கும் பாதுகாப்புத் தொகையை எந்தச் சேதத்துக்குக் கழிப்பார்கள்? மெழுகுதிரிச் சொட்டு ஒன்று துணியில் விழுந்தால் முழுத் துணியின் விலையா? பொருள் வந்து இறங்கியவுடன், நிறுத்துவதற்கு முன்பே, ஒருவர் ஏற்கனவே உள்ள கிழிசலையும் கீறலையும் கைப்பேசியில் படமெடுத்து அவருக்கே அனுப்பிவிட்டால் இந்தச் சச்சரவில் பாதி எழாது. இன்னொன்று: இங்குள்ள வளைவுகளில் பல இந்துத் திருமணங்களுக்காகச் செய்யப்பட்டவை. தூணில் பிள்ளையாரும் உச்சியில் கஜலட்சுமியும் இருப்பது அந்த விழாவுக்கு அழகு. நமது படத்தைப் பார்த்து “இதுதான்” என்று ஒப்புக்கொள்ளாமல், அனுப்பப்போகும் அதே பொருளின் படத்தைக் கேளுங்கள். திருநாளன்று காலையில் பிள்ளையாரை வெள்ளைத் துணியால் மூடி நிற்பது இரு சமயத்தாருக்கும் மரியாதையன்று.

நாளைத் தெரிவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆடி மாதத்தில், அதாவது ஜூலை நடுவிலிருந்து ஓகஸ்ட் நடுவரை, நம் இந்து உறவுகள் பொதுவாகத் திருமணம் வைப்பதில்லை. மணவறைகள் அப்போது பெரும்பாலும் ஓய்வில் இருக்கும். கார்மேல் அன்னைக்கும் யாகப்பருக்கும் அன்னம்மாளுக்கும் ஜூலையில் திருநாள் எடுக்கும் சமூகங்கள் இக்காலத்தில் தாராளமாக விலை பேசலாம். செப்டெம்பர் 8ஐ ஒட்டிய ஞாயிறு ஆவணியில் விழுவது. முகூர்த்தங்களோடு போட்டி போட வேண்டிவரும். நமது வெள்ளி விழா ஜூலைக் கடைசியில் என்பதை, விலை பேசப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது இடம்தான் எனக்கு உறக்கத்தைக் கெடுப்பது. அது நெருப்பும் காற்றும். இந்த நாட்டின் 2005ஆம் ஆண்டுத் தீப்பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டடத்தைப் பொறுப்பேற்றவர் தப்பிச்செல்லும் வழிகளைத் தடையின்றி வைத்திருக்க வேண்டும். வளைவை அழகாக இருக்கும் என்று கதவு நிலைக்குள்ளேயே பொருத்தினால், பூவோடு சேர்ந்த இரண்டு கால்களும் பக்கத்துக்கு நாற்பது ஐம்பது சென்ரிமீற்றரை விழுங்கும். இரட்டைக் கதவுள்ள வாசல் ஒற்றைக் கதவளவு ஆகிவிடும். அடித்தட்டு இருட்டில் காலைத் தட்டும். சக்கர நாற்காலி திரும்பாது. மேடைப் பின்திரையோ பல மண்டபங்களில் பின்னாலுள்ள அவசரக் கதவையும் அதன் பச்சை விளக்கையும் சேர்த்தே மூடிவிடும். நானூறு பேர் உள்ளே இருக்க, மெழுகுதிரியும் தூபமும் எரிய, அந்தத் துணி எப்படிப்பட்டது என்பது முக்கியம். இங்கே தொங்கு துணிகளுக்கு பிரித்தானியத் தரம் 5867, பகுதி 2, வகை பி என்ற சான்று உண்டு. ஒழுங்கான வாடகைக்காரர் அந்தத் தாளை அனுப்புவார். இணையத்தில் மலிவாக வாங்கும் திரைக்கு அது பெரும்பாலும் வராது. வந்தாலும், மருந்திட்டதானால், நாம் கராஜ் பூஞ்சணத்தைப் போக்கத் துவைத்த அன்றே அதன் மதிப்புப் போய்விடக்கூடும்.

காற்றுக்கு ஒரு சிறு கணக்கு. நமது கோவிற்கட்டடம் பழமைப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளது. சுவரில் ஆணி அறையவோ கதவு நிலையில் கயிறு கட்டவோ முடியாது. வளைவு தன் கால்களிலேயே நிற்க வேண்டும். மூன்று மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள ஒரு துணிப்பரப்பை மணிக்கு 36 கிலோமீற்றர் வேகக் காற்று தள்ளினால், தள்ளுவிசை 55 கிலோ எடைக்குக் குறையாது. இலண்டனில் அந்த வேகம் புயல் அல்ல. சாதாரண பிற்பகற் காற்றின் வீச்சு. அந்த விசை ஒன்றரை மீற்றர் உயரத்தில் தள்ளுகிறது; அடித்தட்டோ நடுவிலிருந்து அரை மீற்றர்தான் நீட்டியிருக்கிறது. அதைச் சாயாமல் பிடிக்க அடியில் அந்த எடையின் மூன்று மடங்கு, ஏறத்தாழ 165 கிலோ தேவை. வாங்கும் பெட்டியில் வரும் இரண்டு மணற்பைகளை நினைத்துப் பாருங்கள். துணி முழுதாக இல்லாமல் வெறும் வளைவாக இருந்தால் விசை குறையும். ஆனால் பூக்களை நெருக்கிக் கட்டக் கட்ட மறுபடி ஏறும். வாடகைக்காரர் பாரக்கட்டைகளையும் கொண்டுவருவார், எப்போது இறக்கிவிட வேண்டும் என்பதையும் அறிவார். பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதிப் பத்திரமும் அவரிடம் இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் படி இல்லாமல் ஒருவரும் நம் வாசலில் ஒன்றையும் நிறுத்தப்போவதில்லை. நாமே வாங்கி, நம் பிள்ளைகளே நிறுத்தி, கொடிக்குக் கீழே நிற்கும் கிழவியின்மேல் அது சாய்ந்தால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

வாங்கவே கூடாதா என்றால், அப்படியன்று. நாள் எழுதாதது, தட்டையாக மடிவது, ஆண்டுக்கு நான்கு முறைக்குக் குறையாமல் வெளியே வருவது என்ற மூன்றும் பொருந்தினால் வாங்குங்கள். வெள்ளையிலும் ஊதாவிலும் சான்றுள்ள நல்ல துணி, மாதாவின் பீடத்துக்கு ஓர் உறுதியான மரத்தட்டு, கொடிக்கம்பத்துக்குப் பாரமான அடி: இவை மூன்றையும் கோவிலின் சிறிய அலுமாரியிலும் படிக்கட்டின் கீழும் அல்லாத இடத்திலும் வைக்கலாம். படிக்கட்டின் கீழ் வைப்பது தப்பிச்செல்லும் வழியில் எரிபொருள் அடுக்குவதற்குச் சமம். அதை நான் அனுமதிப்பதில்லை. அயல் சமூகங்கள் நான்கு சேர்ந்து ஒரு வளைவை வாங்கலாமே என்று ஒரு யோசனையும் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான்கு சமூகத்துக்கும் மாதா திருநாள் அதே ஞாயிறில் வருகிறது. ஒரே வளைவு ஒரே பிற்பகலில் ரூட்டிங்கிலும் வெம்பிளியிலும் நிற்காது.

உபயம் செய்ய விரும்பியவரின் மனம் நோகுமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 900 பவுண் தர முன்வந்த அந்தக் குடும்பத்தோடு நான் பேசினேன். 650 பவுண் வாடகையை அவர்கள் ஏற்கிறார்கள்; பெயர் திருநாள் மலரில் வரும். மீதி 250 பவுணில், நமது பயணப்பை ஒன்றோடு மட்டும் வந்து தங்குமிடத்தில் இருக்கும் இரண்டு குடும்பங்களுக்குக் குளிர்ச்சட்டை வாங்குவதை அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வாசலில் கூடுவோம். விலைத்தாள் வைத்திருப்பவர்கள் அவற்றைக் கொண்டுவாருங்கள். ஒவ்வொன்றிலும் வரி, நேரம், துணிச் சான்று, காப்புறுதி ஆகிய நான்கும் எழுத்தில் உள்ளனவா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். யாராவது ஓர் அளவுநாடாவும் கொண்டுவாருங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, முழுதாகத் திறந்தால் எவ்வளவு அகலம், படியிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி வளைவை நிறுத்தலாம் என்று அளந்து எழுதிக்கொண்டே விலை பேசப் போவோம்.

கிறிஸ்துவில் அன்புடன்,
உங்கள் ஆன்மிகப் பணியாளர்